நெரிசலின் விலை
(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டணத்துப் பெருஞ்சாலையில் காலை ஒன்பது மணிக்கு வண்டியோடு அகப்பட்டுக்கொண்டு நிற்கிற ஒருவர், முன்னே நிற்கும் வண்டிகளையெல்லாம் மனத்துக்குள் வைதுகொண்டு, தாம் நெரிசலுக்கு இரையாகிவிட்டதாகவே எண்ணுகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர் அந்த வசவில் அவரையும் சேர்த்துக்கொள்கிறார் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. நெரிசலில் சிக்கியவர் ஒவ்வொருவரும் நெரிசலை உண்டாக்கியவரும் ஆவார் என்ற இந்த இரட்டை நிலையைத்தான் பொருளாதார சாஸ்திரிகள் 'புறவிளைவு' என்ற தலைப்பின் கீழே வைத்து ஆராய்கிறார்கள். ஒருவர் செய்கிற காரியத்தின் பலனோ நஷ்டமோ, அவருடைய கணக்கில் ஏறாமல், அவரோடு எவ்வித ஒப்பந்தமும் செய்துகொள்ளாத பிறர் தலையிலே போய் விழுமானால், அது புறவிளைவு. ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை எல்லாரும் கண்ணால் காண்கிறோம். சாலை நெரிசலில் கழிவு என்பது பிறருடைய நேரம். அது எங்கே போயிற்றென்று யாரும் பார்ப்பதில்லை.

விஷயம் தெளிவாக விளங்குவதற்காக ஒரு சிறு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு சாலை வெறிச்சென்று கிடக்கும்போது அதைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆகிறது என்றும், மணிக்கு நூறு வண்டிகள் கூடும்போதெல்லாம் பிரயாண நேரம் ஒரு நிமிஷம் நீள்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மணிக்கு 2,000 வண்டிகள் வந்தால், ஒவ்வொருவருக்கும் முப்பது நிமிஷம் ஆகும். இப்போது புதிதாக ஒருவர் தம் வண்டியை இந்தச் சாலையில் இறக்கலாமா என்று யோசிக்கிறார். தமக்கு முப்பது நிமிஷம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று இறங்கிவிடுகிறார். அவர் வந்ததால் மற்றவர்களுக்கு நேர்ந்த தாமதம் ஆளுக்கு அரை விநாடிக்குச் சற்று மேல். திட்டமாகச் சொன்னால் 0.6 விநாடி. அதை உணரக்கூடிய மனிதர் உலகில் இல்லை. ஆனால் அந்த 0.6 விநாடியை இழந்தவர்கள் இரண்டாயிரம் பேர். கூட்டிப் பார்த்தால் இருபது நிமிஷம். ஆகவே அந்த ஒரு பிரயாணத்துக்காகச் சமூகம் செலவிட்டது ஐம்பது நிமிஷம். பிரயாணம் செய்தவருடைய கணக்கில் ஏறியதோ முப்பது நிமிஷந்தான். மற்ற இருபது நிமிஷத்தை அவர் கொடுக்கவில்லை. கொடுக்கும்படி அவரை யாரும் கேட்கவுமில்லை. அவர் கெட்டவர் அல்லர், அஜாக்கிரதைக்காரரும் அல்லர். கேட்காத விலையை யார்தான் கொடுப்பார்கள்?

இந்த நிலைக்குப் பரிகாரம் இன்னதென்று முதன்முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த ஆர்தர் பிகூ. 1920-இல் வெளிவந்த தமது பொதுநலப் பொருளாதார நூலில், ஒரே ஊருக்குச் செல்லும் இரண்டு சாலைகளை உதாரணமாக வைத்து, நல்ல சாலையில் எல்லாரும் போய் மொய்த்துக்கொள்ளாமல் இருக்க அதற்குத் தக்க வரி விதித்தால், சிலர் மற்றச் சாலைக்கு மாறுவதால் யாருக்கும் கெடுதி இல்லாமலே பலருக்கு நன்மை விளையும் என்று அவர் காட்டினார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கரான பிராங்க் நைட் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். அந்த நல்ல சாலைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருந்தால் அவரே சுங்கம் வைத்து நெரிசலைத் தடுத்திருப்பார், ஆகவே குற்றம் அங்காடியினுடையது அன்று, சாலைக்குச் சொந்தக்காரர் இல்லாமற் போனதே குற்றம் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் சண்டை போட்டது யார் வசூலிப்பது என்பதைப் பற்றித்தான். வசூலிக்க வேண்டியது அவசியம் என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை. பிகூவோ, பின்வந்த பதிப்புகளில் அந்த இரண்டு சாலைகளையும் எடுத்தே விட்டார். அதை ஒரு நஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். நல்ல உதாரணங்கள் எதிரியின் ஓர் அடிக்காகக் கைவிடத் தக்கவை அல்ல.

இனி, நம்முடைய கற்பனைச் சாலைக்கே கட்டணம் விதித்துப் பார்ப்போம். ஒரு நிமிஷம் ஒரு ரூபாய் பெறும் என்று வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத் தாமதத்துக்கு இருபது ரூபாய் கட்டணம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. கட்டணம் வந்தால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் ஒரு வண்டி பிறருக்குச் செய்யும் தாமதமும் குறையும். கட்டணத்தின் பின் 1,600 வண்டிகள் வந்தால், பிரயாணம் 26 நிமிஷம். ஒரு வண்டி பிறருக்குச் செய்யும் தாமதம் 16 நிமிஷம். ஆகவே சரியான கட்டணம் 16 ரூபாய். இந்த இடத்தில் பலர் கணக்கை மூடிவிட்டு, சாலை சீரடைந்தது என்று மகிழ்ந்து போய்விடுகிறார்கள். சற்றே நின்று, சாலையில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறவரைக் கேளுங்கள். அவருக்கு மிஞ்சியது நான்கு நிமிஷம். கொடுத்தது 16 ரூபாய். நான்கு ரூபாய் பெறுமானத்தைப் பெற 16 ரூபாய் கொடுத்தவர், முன்பிருந்ததைவிட 12 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறார். சாலையை விட்டு விலகிய நானூறு பேருக்கும், சராசரி ஆறு ரூபாய் வீதம் நஷ்டமே. அப்படியானால் லாபம் அடைந்தவர் யார்? வசூலான பணத்தை வைத்திருப்பவர். 1,600 பேரிடம் திரண்டது 25,600 ரூபாய். எல்லாருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 21,600 ரூபாய். மீதி 4,000 ரூபாய்தான் சமூகத்துக்கு உண்மையில் கிடைத்த ஆதாயம். அது மெய்யான ஆதாயமே. ஆனால் அது முழுவதும் கஜானாவுக்குள்ளேயே கிடக்கிறது. எல்லாருடைய நேரத்துக்கும் ஒரே மதிப்பு வைத்ததால் கணக்கு இத்தனை கடுமையாக வந்தது. நேரம் பொன்னாயிருக்கிற வைத்தியருக்கும் வியாபாரிக்கும் கட்டணத்திலேயே லாபம் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலார் இத்தகைய திட்டத்தை முதலில் ஏன் வெறுக்கிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை; அவர்கள் அறியாமையால் வெறுக்கவில்லை. திரட்டிய பணம் எந்த உருவில் ஜனங்களிடம் திரும்பி வருகிறது என்பது இந்தத் திட்டத்துக்குப் பின்னிணைப்பு அன்று. அதுவே திட்டத்தின் பாதி.

இவ்வளவும் ஏட்டில் உள்ள கணக்கு. இதை உலகத்தில் முதன்முதலில் ஒரு நகரத்தின் நடுவிலே நடத்திப் பார்த்தது சிங்கப்பூர். 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் தேதி, நகரத்தின் மத்தியப் பகுதியை ஒரு கட்டுப்பாட்டு வட்டாரமாக வகுத்து, காலை 7.30 முதல் 9.30 வரை அதற்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி, மாதம் ஒன்றுக்கு அறுபது வெள்ளி என்று உரிமச் சீட்டு விற்றார்கள். இதில் யந்திரம் எதுவும் கிடையாது. வட்டாரத்துக்குள் நுழையும் ஒவ்வொரு சாலைக்கும் மேலே ஒரு வளைவு, அதில் கட்டுப்பாடு அமலில் இருப்பதைக் காட்டும் பலகை, பக்கத்தில் காவலர். சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். காவலர் வண்டியை நிறுத்துவதில்லை. சீட்டில்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார், அபராத அறிவிப்பு பின்னால் தபாலில் வரும். நெரிசலைத் தீர்க்க வந்த சாவடியே நெரிசலை உண்டாக்கிவிடக் கூடாதல்லவா? வண்டி நிற்காமலே போகலாம் என்ற இந்த ஒரு சிறு ஏற்பாட்டில்தான் திட்டத்தின் உயிர் இருந்தது என்று சொல்லலாம். நான்கு பேரோ அதற்கு மேலோ ஏறியிருக்கும் காருக்குக் கட்டணம் இல்லை. அதனால் காலையில் தனியாகக் காரில் வருகிறவர்கள், வளைவுக்கு முன்னாலுள்ள பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களை அழைத்து ஏற்றிக்கொண்டு நால்வராகி நுழைந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு இலவசச் சவாரி, கார்க்காரருக்கு மூன்று வெள்ளி மிச்சம். சட்டம் எழுதியவர்கள் எதிர்பாராத ஒரு சிறு அங்காடி பேருந்து நிறுத்தத்திலேயே முளைத்துவிட்டது.

பலன் எப்படி? வட்டாரத்துள் நுழையும் போக்குவரத்து, அந்தக் கட்டுப்பாட்டு நேரத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது வரை குறைந்தால் போதும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். குறைந்ததோ நூற்றுக்கு 44. கேட்பவருக்கு இது பெரு வெற்றியாகவே தோன்றும். ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் குறைந்தது என்றால் விலையைக் கூடுதலாக வைத்துவிட்டோம் என்றும் பொருள் கொள்ளலாமே! நம் கற்பனைச் சாலையில் 16 ரூபாய்க்குப் பதில் முப்பது ரூபாய் வாங்கினால் கூட்டம் இன்னும் குறையும்; கூட்டம் குறைந்த சாலை அழகாயிருக்கும், ஆனால் அதில் போயிருக்க வேண்டிய, போவதால் நன்மை உண்டாகியிருக்கக்கூடிய பிரயாணங்களும் நின்றுபோயிருக்கும். சாலை வேகமாக ஓடுவது ஒன்றே நோக்கம் என்று நினைப்பவர்கள் இந்த நஷ்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலும் நடுவட்டாரத்தின் சாலைகள் காலையில் தேவைக்கு மேல் வெறிச்சோடிப் போயின, அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் சாலைகளிலோ கூட்டம் ஏறிற்று என்று அக்காலத்திலேயே விமரிசனம் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது.

அதைவிடச் சுவாரசியமான ஒரு காரியம் மணி ஒன்பதரையில் நடந்தது. ஒன்பதரை வரை மூன்று வெள்ளி. ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஒன்றுமில்லை. கட்டுப்பாடு நீங்கும் நேரத்துக்காகக் காத்திருந்த கார்கள் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தன. நெரிசல் ஒழியவில்லை, கடிகாரத்தில் சற்றே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. ஆகஸ்டு மாதமே கட்டுப்பாட்டு நேரத்தைக் காலை 10.15 வரை நீட்டினார்கள். இன்னொன்று: காலையில் நகரத்துக்குள் வராதவர்கள் மாலையில் நகரத்திலிருந்து திரும்பவும் மாட்டார்கள், ஆகவே காலைக்கு மட்டும் கட்டணம் வைத்தால் மாலை நெரிசலும் தானாகவே குறையும் என்பது திட்டம் போட்டவர்களின் அநுமானம். மாலையில் நெரிசல் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. காலையில் சுற்றிப்போனவர்கள், தடை இல்லாத மாலையில் நடுவட்டாரத்தின் ஊடே நேரே போகலானார்கள். 1989-இல்தான் மாலைக்கும் கட்டணம் வந்தது. அப்போதுதான் நால்வர் ஏறிய காருக்கிருந்த விலக்கும் நீங்கிற்று. நகரத்தின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில் உள்ளே போகட்டும் என்று ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு இடம் ஒதுக்கியதும் எடுபடவில்லை. காரை வீட்டை விட்டு எடுத்தவருக்கு நடுவழியில் அதை விட்டுவிட்டு இன்னொரு வண்டிக்குக் காத்து நிற்க மனம் வருவதில்லை. பேருந்தில் போவதென்று தீர்மானித்தவரோ வீட்டு வாசலிலேயே ஏறிவிடுகிறார்.

இந்த ஒன்பதரை மணிக் கூட்டத்தைச் சிங்கப்பூர் காண்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னே, காகிதத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியரான வில்லியம் விக்ரி, ஐம்பதுகளிலேயே சுரங்க ரயிலுக்கு நேரத்துக்கேற்ற கட்டணமும், வாஷிங்டன் நகரச் சாலைகளுக்கு வண்டியில் கருவி பொருத்தி வசூலிக்கும் கட்டணமும் யோசனை சொன்னவர். 1969-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், பாலமோ சுரங்கமோ போன்ற ஒரு குறுகலான வாயிலை எடுத்துக்கொண்டு, மக்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்று மட்டும் கேளாமல், எப்போது புறப்படுகிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க விரும்புகிறார்கள். வாயிலோ எல்லாரையும் ஒரே சமயத்தில் விடாது. ஆகவே வரிசை உண்டாகிறது. வரிசை நீளம் ஒன்பது மணியை நெருங்க நெருங்க வளர்ந்து, பின்னர் குறைகிறது. நேரம் தவறி வந்தால் சிரமம். நேரத்துக்கு வந்தால் வரிசையில் நிற்பது சிரமம். மக்கள் இந்த இரண்டுக்கும் நடுவே தராசு பிடித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். இப்போது கட்டணத்தையும் அந்த வரிசையைப் போலவே, ஒன்பது மணியை நெருங்கும்போது படிப்படியாக ஏற்றிப் பிறகு இறக்கினால், மக்கள் முன்னும் பின்னுமாகப் பரவிப் புறப்பட்டு, வரிசையே இல்லாமற் போகும். வரிசையில் நின்று கொடுத்துவந்த நேரத்துக்குப் பதில் பணம் கொடுக்கிறார்கள். வாயிலைக் கடக்கிறவர்கள் தொகையும் குறையவில்லை, யாரும் முன்னைவிட நஷ்டப்படவுமில்லை. வரிசையில் கழிந்த நேரம் யாருக்கும் போய்ச் சேராமல் அழிந்தது. இந்தப் பணமோ அழியாமல் ஊர்க்கணக்கில் நிற்கிறது. பிகூவின் சாலையில் நாம் கண்ட அந்த 12 ரூபாய் நஷ்டம், நேரத்தைப் பின்தொடரும் கட்டணத்தில் பெரும்பாலும் கரைந்துபோகிறது. விக்ரிக்கு 1996 அக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் அவர் இறந்துபோனார்.

சிங்கப்பூர் 1998 செப்டம்பரில் சீட்டை ஒழித்துவிட்டு மின்னியல் சாலைக் கட்டணத்துக்கு மாறியபோது, தெரிந்தோ தெரியாமலோ விக்ரியின் வழிக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி. அதில் பணம் ஏற்றிய அட்டை. வளைவின் கீழ் போகும்போதெல்லாம் தொகை தானே கழிந்துகொள்ளும். சீட்டு வாங்கியவர் அன்று எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம் என்றிருந்தது மாறி, ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு விலை ஆயிற்று. அந்த விலையும் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு அரை மணிக்கும் வேறுவேறு. அதை நிர்ணயிப்பது மந்திரியின் பிரியம் அன்று, வண்டிகளின் வேகம். நகரச் சாலைகளில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர், விரைவுச் சாலைகளில் 45 முதல் 65 கிலோமீட்டர் என்று ஓர் அளவு வகுத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து பார்த்து, அளவுக்குக் கீழே இறங்கினால் கட்டணத்தை ஏற்றுவார்கள், அளவுக்கு மேலே ஓடினால் இறக்குவார்கள். மேலே ஓடினால் இறக்குவது என்ற இந்தப் பின்பாதி மிகவும் கவனிக்கத்தக்கது. 1975-இல் சாலை காலியாகிவிட்டபோது இல்லாமலிருந்த விவேகம் இதுதான். ஆயினும் மனித சுபாவம் அரை மணிப் படியையும் விட்டுவைக்கவில்லை. கட்டணம் இறங்கும் விநாடிக்காக வளைவுக்கு முன்னே வண்டியை மெதுவாக்கி நிற்பவர்களும், ஏறுமுன் கடந்துவிட விரைகிறவர்களும் தோன்றினார்கள். அதனால் 2003 முதல் படிக்கும் படிக்கும் இடையே ஐந்து நிமிஷத்துக்கு ஓர் இடைக்கட்டணம் வைத்தார்கள்.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இப்போது திரும்புகிறேன். கட்டணம் ஏழைகளை வாட்டும் என்ற வாதம் எங்கும் எழுகிறது. கார் வைத்திருப்பவர் வசதியுள்ளவராகவும், ஏழைகள் பேருந்தை நம்பியவர்களாகவும் உள்ள நகரத்தில், அந்த வாதத்துக்கு வலுவில்லை; கார்கள் குறைந்தால் பேருந்து வேகமாகப் போகும், ஆதாயம் பேருந்தில் இருப்பவருக்கே. ஆனால் பேருந்து எட்டாத புறநகரில் வசித்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்தில் வேலைக்கு வந்தே தீரவேண்டிய கூலித் தொழிலாளிக்கு அந்தப் பதில் பதிலாகாது. அவருக்குப் புறப்படும் நேரத்தை மாற்ற வழியில்லை, வாகனத்தை மாற்றவும் வழியில்லை; நெரிசல் நேரக் கட்டணம் அவருக்கு வெறும் வரியாகவே முடியும். ஆகவே முதலில் பேருந்து, பிறகு வளைவு என்ற வரிசை தவறக் கூடாது. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளொன்றுக்கு ஐந்து பவுன் கட்டணம் விதித்தபோது, நிகர வருமானத்தை முதல் பத்தாண்டுகள் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே கட்டியிருந்தார்கள்.

ஜனங்களின் சம்மதம் பற்றி இரண்டு நகரங்களின் கதை அறியத்தக்கது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2005 பிப்ரவரியில் கட்டணம் விதிக்கலாமா என்று முதலில் வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 74 பேர் கூடாது என்றார்கள், திட்டம் அன்றே மடிந்தது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் வாக்கெடுப்பைப் பின்னால் வைத்தார்கள். 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரி மூன்றாம் தேதி முதல் ஜூலை முடிய, நேரத்துக்கேற்ப 10, 15, 20 குரோனா என்று, ஒரு நாளைக்கு 60 குரோனாவுக்கு மேற்படாமல் சோதனையாக வசூலித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆகஸ்டில் கட்டணத்தை நிறுத்தியவுடன் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. கட்டணந்தான் குறைத்தது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. முன்பு திட்டத்தை எதிர்த்திருந்த நகரவாசிகளே, செப்டம்பர் வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மையால் வேண்டும் என்றார்கள். சுற்றியிருந்த ஊர்கள் பலவற்றில் வேண்டாம் என்றே முடிவாயிற்று. எல்லைக்கு வெளியே இருந்து உள்ளே வந்து பணம் கொடுக்கிறவர்கள் அவர்கள் அல்லவா! அதே நாளில் நடந்த பொதுத் தேர்தலில் மந்திரிசபையும் மாறிற்று. கட்டணத்தை விரும்பாத கட்சிகள் கூட்டாகப் பதவிக்கு வந்தன. அவர்கள் அதை ரத்து செய்யவில்லை. வருமானத்தைப் புறவழிச்சாலை முதலிய சாலை வேலைகளுக்குத் திருப்பிவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டு, 2007 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அவர்களே வசூலிக்க ஆரம்பித்தார்கள்.